பாணும் பாவும்: போர்த்துகீசியத்தில் மூக்கொலி இலக்கணமாகும் இடம்

இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்கிறார்கள். மும்பையில் வடையை வைத்துக் கொடுக்கும் ரொட்டி பாவ். இரண்டும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. அந்தச் சொல்லின் உயிரொலி பாதி வாயாலும் பாதி மூக்காலும் வருவது. கேட்டவர்களில் ஒரு சாரார் மூக்கொலியைப் பிடித்து ‘ண்’ என்ற மெய்யாக்கிக் கடைசியில் ஒட்டிக்கொண்டார்கள். இன்னொரு சாரார் மூக்கொலியை விட்டுவிட்டு ‘வ்’வை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று போர்த்துகீசியம் கற்கத் தொடங்குகிறவர்களும் இதே இரண்டு தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஒன்று, இல்லாத மெய்யைச் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால், இருக்கிற மூக்கொலியை விடுவார்கள். முதல் பாடத்தில் இது வெறும் உச்சரிப்புக் குறை. பத்துப் பதினைந்து பாடம் தாண்டி, ஆள் காட்டும் வினையெச்சம் வரும்போது, இதே குறை இலக்கணப் பிழையாக மாறி நிற்கும். மாணவர் விதியைத் திரும்பத் திரும்பப் படிப்பார், தவறு போகாது. கோளாறு விதியில் இல்லை, காதில் இருக்கிறது.

முதலில் ஒலியைப் பார்ப்போம். வாயின் மேற்பகுதியில் பின்பக்கம் மெத்தென்று இருப்பது மெல்லண்ணம். ‘ஆ’ என்று சொல்லும்போது அது மேலே எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடும், காற்று முழுவதும் வாயால் வரும். ‘ம்’ சொல்லும்போது அது கீழே இறங்கும், ஆனால் உதடு மூடியிருப்பதால் காற்று மூக்கால் மட்டுமே போகும். மூக்குயிர் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. மெல்லண்ணமும் இறங்கியிருக்கும், வாயும் திறந்திருக்கும், காற்று இரண்டு வழியிலும் போகும். உதடோ நாக்கோ எங்கேயும் போய் மூடாது.

போர்த்துகீசியத்தில் இப்படி ஐந்து மூக்குயிர்கள் உண்டு. அவற்றோடு இரண்டு உயிர்கள் இணைந்து மூக்கால் வருபவையும் சில உண்டு. எழுத்தில் சில இடங்களில் உயிரின் தலைமேல் ஒரு அலைக்கோடு போடுவார்கள். அதன் பெயர் தில். பழைய ஏட்டெழுத்தர்கள் இடம் மிச்சப்படுத்த ‘ன்’ எழுத்தைச் சுருக்கி மேலே ஏற்றியதன் மிச்சம் அது. மற்ற இடங்களில் உயிருக்குப் பின்னால் ‘ம்’ அல்லது ‘ன்’ எழுத்து நிற்கும். சொல் இறுதியில் நிற்கும் அந்த ‘ம்’ எழுத்தைப் பார்த்து உதட்டை மூடினால் தவறு. அது ஒலி இல்லை, “இதற்கு முன் உள்ள உயிரை மூக்கால் சொல்” என்ற குறிப்பு மட்டுமே.

இந்தக் கட்டுரையில் அந்த அலைக்கோட்டையே கடன் வாங்கிக்கொள்கிறேன். ரொட்டிக்கான சொல் பா~வ். அலைக்கோடு இல்லாத பாவ் என்றால் குச்சி. மா~வ் என்றால் கை, மாவ் என்றால் கெட்டவன். வீ என்றால் பார்த்தேன், வீ~ என்றால் வந்தேன்.

மூக்கொலி இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. சொல்லை இழுத்துச் சொல்லிக்கொண்டே மூக்கை விரலால் பிடியுங்கள். குச்சியைச் சொல்லும்போது ஒலி மாறாது. ரொட்டியைச் சொல்லும்போது ஒலி சட்டென்று அடைபடும். அப்புறம் கண்ணாடியில் உதட்டைப் பாருங்கள். ‘நல்லது’ என்று பொருள்படும் போ~ என்ற சொல் ‘ம்’ எழுத்தில் முடிகிறது, ஆனால் சொல்லி முடித்த பிறகும் உதடு குவிந்து திறந்தே இருக்க வேண்டும். மூடிவிட்டால் நீங்கள் பாண் என்று சொன்னவர்களின் வழியில் போகிறீர்கள்.

தமிழ்நாட்டுப் பேச்சுத் தமிழில் வளர்ந்தவருக்கு இந்த ஒலி புதிதே இல்லை. “அவ வந்தா” என்பதையும் “அவன் வந்தான்” என்பதையும் வீட்டில் பேசுவது போல வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் ‘ன்’ எங்கே? நாக்கு மேலே போய்த் தொடுவதில்லை. அவ~ வந்தா~ என்றுதான் சொல்கிறோம். வந்தது பெண்ணா ஆணா என்பதைக் கேட்பவருக்குச் சொல்வது அந்த மூக்கொலி மட்டுமே. அதாவது மூக்குயிரை வைத்து வினையின் ஆளைக் காட்டுவது நமக்குத் தினசரிப் பழக்கம். ஆனால் போர்த்துகீசியப் பாடத்தைத் திறந்ததும் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறோம். எழுத்துத் தமிழ் வாசிப்பது போல ‘ம்’, ‘ன்’ எல்லாவற்றையும் அழுத்திவிடுகிறோம். வந்தா~ சொல்கிற வாயால் பா~வ் சொன்னால் போதும், சரியாக வரும்.

இனி வினையெச்சம். ‘சாப்பிட’, ‘பேச’, ‘போக’ என்ற நம் வடிவங்களுக்கு இணையானது போர்த்துகீசியத்தில் ‘ர்’ இறுதியில் முடியும். கொமேர் என்றால் சாப்பிட, ஃபலார் என்றால் பேச. (இங்கே பிரேசில் உச்சரிப்பைப் பின்பற்றுகிறேன்.) பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளில் இந்த வடிவம் ஆளைக் காட்டாது. போர்த்துகீசியத்திலும் அதன் அக்காள் தங்கை மொழியான கலீசியத்திலும் காட்டும். நான், அவன், அவள் என்றால் கொமேர் அப்படியே இருக்கும். நாம் சாப்பிட என்றால் கொமேர்முஸ். அவர்கள் சாப்பிட என்றால் கொமேரெ~ய். நீ என்பதற்கும் பழைய நீங்கள் என்பதற்கும் தனி விகுதிகள் உண்டு, ஆனால் பயிற்சிகளில் அதிகம் உதைப்பது இந்த ‘அவர்கள்’தான்.

இதன் தேவை தமிழருக்கு எளிதில் புரியும். ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்பதில் பெய்தது மழை, விளைந்தது நெல். வினையெச்சத்துக்கு ஒரு எழுவாய், முடிக்கும் வினைக்கு வேறொரு எழுவாய். தமிழ் இலக்கணம் இதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ‘பிள்ளைகள் சாப்பிடப் பாண் வாங்கினேன்’ என்று நாம் சொல்வது போலவேதான் அவர்களும் சொல்கிறார்கள். ஒரே வித்தியாசம், நம் ‘சாப்பிட’ யார் சாப்பிட்டாலும் மாறாது, அவர்களுடையது மாறும்.

இந்த வாக்கியத்தையே ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்வோம். தாளில் இப்படி இருக்கும்: “கொ~ப்ரெய் பா~வ் பாரா உஸ் மெனீனுஸ் ______”, அடைப்பில் ‘சாப்பிடு’ என்ற வினை. கொ~ப்ரெய் என்றால் வாங்கினேன், பாரா என்றால் ‘-க்காக’, உஸ் மெனீனுஸ் என்றால் பிள்ளைகள்.

முதல் கேள்வி, வெற்றிடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? பாரா என்ற முன்னிடைச்சொல். அதன் பின்னால் வினையெச்சம் வரும். அடுத்த கேள்வி, அந்த வினையெச்சத்துக்குச் சொந்த எழுவாய் இருக்கிறதா? இருக்கிறது, பிள்ளைகள். வாங்கியது நான், சாப்பிடுவது அவர்கள். ஆகவே பன்மை விகுதி வேண்டும்: கொமேரெ~ய். எழுத்தில் கொமேர் என்பதோடு ‘எ’, ‘ம்’ என்ற இரண்டு எழுத்து சேரும்.

ஒரே ஒரு பிள்ளை என்றால் “பாரா உ மெனீனு கொமேர்”. எழுவாயே சொல்லாமல் “பாரா கொமேர்முஸ்” என்றால் ரொட்டி நாம் சாப்பிட. வெறும் “பாரா கொமேர்” என்றால் பெரும்பாலும் வாங்கியவரே சாப்பிட. எழுவாய்ப் பெயரை விட்டாலும் விகுதி ஆளைச் சொல்லிவிடுகிறது, அதுதான் இந்த வடிவத்தின் பயன்.

இதையே சொல்வதெழுதுதலாக வைத்தால் நிலைமை வேறு. கொமேரெ~ய் என்பதில் அழுத்தம் நடுவில் ‘மே’ மேல் விழுகிறது, கடைசி அசை மெலிந்து போகும். மூக்கொலியைக் கேட்கப் பழகாத காதுக்கு அங்கே ஏதோ ஒரு சிறிய ‘இ’ மட்டும் கேட்கும். மாணவர் ஒருமையையே எழுதிவிடுவார். திருத்துகிறவர் ‘பன்மை விகுதி விட்டுப்போயிற்று’ என்று சிவப்பில் எழுதுவார். எனக்குத் தெரிந்து, இப்படிக் குறிக்கப்பட்டவர்களில் பலரிடம் விதியைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தேவை இலக்கணப் பாடம் இல்லை, குச்சியையும் ரொட்டியையும் பிரித்துக் கேட்கும் முதல் பாடம்தான்.

இதைவிட நுணுக்கமான பொறி ‘பேச’ என்ற வினையில் இருக்கிறது. ஃபலாரெ~ய் என்றால் அவர்கள் பேச. ஃபலாரா~வ் என்றால் அவர்கள் பேசினார்கள். ஃபலரா~வ் என்று கடைசி அசையை அழுத்தினால் அவர்கள் பேசுவார்கள். மூன்றும் மூக்கொலியில்தான் முடிகின்றன. முதலாவதையும் இரண்டாவதையும் பிரிப்பது ஒலி முடியும் திசை. எச்சத்தில் நாக்கு ‘ய்’ பக்கம் எழும்பி உதடு விரியும், இறந்தகாலத்தில் உதடு ‘வ்’ பக்கம் குவியும். கண்ணாடியில் இது நன்றாகத் தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது அழுத்தம் மட்டுமே, எழுத்தில் முன்னது ‘ம்’மோடும் பின்னது தில்லோடும் வரும். லிஸ்பன் ஒலிப்பதிவு கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே எச்சத்தின் ‘எ~ய்’ ஏறக்குறைய ‘ஐ~’ ஆகிவிடும், அதனால் முடிவில் வரும் ‘ய்’யையும் ‘வ்’வையும்தான் நம்ப வேண்டும்.

விகுதி எங்கே கூடாது என்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. புதிதாகக் கற்றதும் எல்லா இடத்திலும் சேர்க்கத் தோன்றும். ‘அவர்கள் சாப்பிட விரும்புகிறார்கள்’ என்பதில் விரும்புகிறார்கள் என்ற வினையே ஆளைக் காட்டிவிட்டது. விரும்புகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒருவரே. அங்கே வெறும் கொமேர்தான் வரும். ‘முடியும்’, ‘வேண்டும்’ போன்ற துணைவினைகளுக்குப் பின்னும் அப்படியே.

சரி, கடைசியாக ஒரு குழப்பம், இதில் காது உதவாது. ‘அவர்கள் சாப்பிடும்போது, இனிமேல்’ என்று எதிர்காலத்தைக் குறிக்கும் ஒரு வடிவம் க்வா~து என்ற சொல்லுக்குப் பின்னால் வரும். ஒழுங்கான வினைகளில் அதுவும் கொமேரெ~ய் என்றே இருக்கும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. எது எது என்று தெரியாவிட்டால் அந்த இடத்தில் ‘செய்’ என்ற வினையைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்கற்ற வினை, இரண்டு வடிவமும் பிரிந்துவிடும். பாராவுக்குப் பின்னால் ஃபஸேரெ~ய், க்வா~துவுக்குப் பின்னால் ஃபிஸேரெ~ய்.

ஆனால் ‘வா’, ‘பார்’ என்ற இரண்டு வினைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். “பாரா ஏலிஸ் வீரெ~ய்” என்றால் அவர்கள் வர. “க்வா~து ஏலிஸ் வீரெ~ய்” என்றால் அவர்கள் பார்க்கும்போது. வினைகள் வேறு, வடிவம் ஒன்றே. வந்தார்களா பார்த்தார்களா என்பதை முன்னால் நிற்கும் பாராவும் க்வா~துவும்தான் சொல்ல முடியும்.