காஸ்ட்ரோபரேசிஸ்: வாதமா, மந்தமா, சோர்வா?

தக்கலைப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு அவரது மருத்துவச் சீட்டில் காஸ்ட்ரோபரேசிஸ் என்ற சொல் ஏறியது. பொருள் கேட்டதற்கு அங்கே யாரோ "இரைப்பை வாதம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாதம் என்ற சொல் தமிழ்க் காதில் இரண்டு பொருளில் விழும். ஒன்று பக்கவாதம், முகவாதம் என்பதில் வரும் முடக்கம், மற்றது வாயு. பெரியம்மை வாயுவைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் பூண்டுப்பாலும் ஓமத் தண்ணீருமாகக் கழிந்தது. ஒரு சொல்லின் பொருளைத் தவறாகப் பிடித்தால் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் காஸ்டெர் என்றால் வயிறு, இரைப்பை. பரேசிஸ் என்றால் பிடி விடுதல், நழுவ விடுதல், தளர்தல். பரலிசிஸ் வேறு, பரேசிஸ் வேறு என்பதை மருத்துவம் கவனமாகக் காக்கிறது: முழுதாகச் செயலிழந்தால் பரலிசிஸ், வலு குறைந்து பாதி வேலை செய்தால் பரேசிஸ். 1958-இல் பால் கசாண்டர் என்ற அமெரிக்க மருத்துவர் நீரிழிவு நோயாளிகளில் இரைப்பை காலியாகத் தாமதிப்பதைக் கண்டு 'காஸ்ட்ரோபரேசிஸ் டயாபெடிகோரம்' என்று பெயர் வைத்தார். அவர் விவரித்தது வெளியே எந்தத் தொல்லையும் காட்டாமல் உணவைத் தேக்கி வைத்திருந்த இரைப்பைகளை. வாந்தியும் குமட்டலும் இருந்தால்தான் இந்த நோய் என்று எண்ணக் கூடாது என்பது பெயர் பிறந்த அன்றே சொல்லப்பட்டுவிட்டது.

தமிழில் முதல் பாதிக்குச் சிக்கல் இல்லை. இரை போடும் பை, இரைப்பை. இரண்டாம் பாதியில் வாதம் பொருந்தாது. அது முழு முடக்கத்தையும் வாயுவையும் சேர்த்து இழுத்து வருகிறது. மந்தம் என்பது நம் வீடுகளில் புழங்கும் சொல்தான், ஆனால் ஒரு நாள் விருந்து உண்டவனுக்கும் மந்தம் தட்டும். தளர்வு என்றால், உணவு வரும்போது இரைப்பையின் மேல்பகுதி இடம் கொடுத்துத் தளர்கிறதே, அந்த இயல்பான தளர்வோடு குழம்பும். எனக்குப் பிடித்த சொல் சோர்வு. சோர்தல் என்பதற்குத் தமிழில் தளர்தல் என்றும் நழுவுதல் என்றும் பொருள் உண்டு. கைசோர்ந்து விழுந்தது என்கிறோம். பரேசிஸின் வேர்ப்பொருளும் அதுவே. ஆகவே இரைப்பைச் சோர்வு. அடைப்பு எதுவும் இல்லாமலே இரைப்பை காலியாகத் தாமதிப்பது என்பது அதன் விளக்கம். 'அடைப்பு இல்லாமல்' என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. புண்ணோ கட்டியோ வழியை அடைத்தாலும் இதே தொல்லைகள்தான் வரும், அதனால் முதலில் எண்டோஸ்கோப்பி செய்து அதை விலக்குகிறார்கள்.

சோர்வது எது? இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை அளவில் அலையலையாகச் சுருங்கி உணவை அரைக்கிறது. அரைந்து ஓரிரு மில்லிமீட்டர் துகளான பிறகே குடல் வாசல் அதை விடுகிறது. இந்த அலையின் தாளத்தைக் கொடுப்பவை காஹல் செல்கள்; கட்டளை கொண்டுவருவது வேகஸ் நரம்பு. நெடுங்காலச் சர்க்கரை, பாதத்து நரம்பை மரக்கச் செய்வதைப் போலவே இந்த இரண்டையும் கெடுக்கிறது. நீர் எப்படியோ வழிந்து போய்விடும், கெட்டி உணவுதான் தங்கும்.

பெரியம்மையின் முதல் புகார் இதுதான்: "நாலு வாய்தான் சாப்பிட்டேன் மக்களே, தொண்டை வரை நிற்கிறது." இந்த முன்நிறைவைப் பசியின்மை என்று வீட்டில் எடுத்துக்கொண்டோம். பசி இருந்தது, நாலு வாயோடு இடம்தான் இல்லாமல் போயிற்று. ஒரு காலையில் வாந்தி எடுத்தார். அதில் முந்தைய இரவு உண்ட மரச்சீனிக் கிழங்கு துண்டு துண்டாக, பயற்றுத் தோலோடு அப்படியே கிடந்தது. பத்து மணி நேரத்துக்கு முந்தைய உணவு. பிறகு செய்த ஸ்கேனும் அதையே சொன்னது. சிறிதளவு கதிர்வீச்சுப் பொருள் கலந்த உணவைக் கொடுத்துப் படமெடுக்கும் சோதனை அது. நான்கு மணி நேரம் கழித்துப் பத்து சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் மிஞ்சினால் தாமதம் உறுதி. சர்க்கரை மிக ஏறியிருக்கும் நாளில் இதைச் செய்தால் முடிவு பிசகும். உயர்ந்த சர்க்கரையே இரைப்பையை மெதுவாக்கும். செமாக்ளூட்டைடு, லிராக்ளூட்டைடு போன்ற சர்க்கரை நோய் ஊசிகளும் மெதுவாக்கும். அவற்றைப் போடுபவர் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெரியம்மைக்கு வாந்தியைவிட ஆபத்தாக இருந்தது வேறொன்று. இரவு எட்டு மணிக்கு இன்சுலின் போட்டு எட்டரைக்குச் சாப்பிடுவார். ஒன்பதரைக்கு வியர்த்து நடுங்குவார். சர்க்கரை பார்க்கும் கருவி 56 காட்டும். விடியற்காலை மூன்று மணிக்கு அதே கருவி 300-ஐத் தாண்டும். இன்சுலின் நேரத்துக்கு இரத்தத்தில் இறங்கிவிடுகிறது, சோறு இன்னும் இரைப்பையில் இருக்கிறது. அது மெல்லக் குடலுக்குப் போய்ச் சேரும்போது இன்சுலின் தீர்ந்துவிடுகிறது. காரணமின்றி இப்படித் தாழ்வதும் ஏறுவதும் பல ஆண்டுச் சர்க்கரைக்காரரிடம் தென்பட்டால் இரைப்பையைச் சந்தேகிப்பது நல்லது. மருத்துவர் வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கு மாற்றி, உண்டு முடித்த பிறகு போடச் சொன்னார். இதை வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது.

உணவில் ஒரு முரண் உண்டு. சர்க்கரைக்கு நல்லதென்று நாம் ஆண்டாண்டாகச் சேர்த்த கீரையும் நாரும் முழுப்பயறும் இங்கே எதிரியாகின்றன. நார் அரைபடாது தங்கும், சிலருக்கு உருண்டையாகவே திரண்டுவிடும். கொழுப்பும் இரைப்பையை இழுத்து நிறுத்தும். தேங்காய் அரைத்த மீன்கறியும் மரச்சீனியும் பலாச்சக்கையும் இல்லாத குமரி மாவட்டத்துச் சாப்பாட்டை எப்படி நினைப்பது! மூன்று வேளையை ஆறாகப் பிரித்தோம். குழைந்த பொடியரிசிக் கஞ்சி அரைக் கோப்பை, தேங்காய் குறைத்து வேகவைத்துப் பிசைந்த மீன், தோல் நீக்கிய பருப்பு மசியல், வடிகட்டிய மோர். கஞ்சி சர்க்கரையைச் சட்டென ஏற்றும், அதனால் அளவைப் பார்க்க வேண்டும். உண்டதும் படுக்காமல் முற்றத்தில் பத்து நிமிடம் நடை.

இரைப்பையை முடுக்கும் மருந்துகளை உந்து மருந்துகள் என்று சொல்லலாம். மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு ஆகியவை நம் ஊர் மருந்துக் கடைகளில் அதிகம் புரள்பவை. மெட்டோகுளோப்ரமைடை உணவுக்கு அரை மணி முன்பு கொடுப்பார்கள். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீட்டினால் உதடும் நாக்கும் தாமாக அசையும் நோய் வரலாம், அது நின்றுபோகாமலும் இருக்கலாம். டோம்பெரிடோன் இதயத் தாளத்தைத் தொடும். முதலில் இசிஜி பார்ப்பார்கள், எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்க்க மாட்டார்கள். எரித்ரோமைசினுக்கே இரைப்பையை உந்தும் சக்தி உண்டு, ஆனால் சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும்.

பெரியம்மையின் மாத்திரைப் பெட்டியைக் கொட்டியபோதுதான் கண்டேன்: 'கேஸ் மாத்திரை' என்று ஓராண்டாக விழுங்கியதில் அமிலம் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு கலந்திருந்தது. அவர் கை நடுங்குவதையும் நடை குறுகியதையும் வயதின் கணக்கில் எழுதியிருந்தோம். அதை நிறுத்திய சில மாதங்களில் நடுக்கம் தணிந்தது. பிறகு இசிஜி பார்த்து டோம்பெரிடோன் பத்து மில்லிகிராம், மூன்று வேளை உணவுக்கு முன்பு, குறைந்த காலத்துக்கு என்று எழுதினார்கள்.

முன்பு சர்க்கரை தாழ்ந்தால் தலைமாட்டு பிஸ்கட்டைத்தான் எடுப்பார். அது இரைப்பையிலேயே உட்கார்ந்துகொள்ளும். இப்போது அங்கே குளுக்கோஸ் டப்பா இருக்கிறது. மூடியில் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "தண்ணீரில் கரைத்துக் குடி. தின்னாதே."