ஓடு சிவந்தால் நண்டு வெந்துவிட்டதா?

சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்களுக்கு நண்டுக் குழம்பு வைத்தேன். குழம்பு கொதித்து, நண்டின் ஓடு செம்பருத்தி நிறத்துக்கு மாறியதும் அடுப்பை அணைத்துவிட்டேன். சாப்பிடும்போது என் அத்தை ஒரு பெரிய கொடுக்கை உடைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இலையின் ஓரமாக வைத்தார். உள்ளே சதை வெண்மையாக இல்லை. கண்ணாடி போலத் தெளிந்து, கொழகொழவென்று ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே முழுச் சிவப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்த அந்தக் கொடுக்குதான், நண்டு எப்படி வேகிறது என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றச் செய்தது.

நண்டின் ஓட்டில் சிவப்பு நிறமி எப்போதும் இருக்கிறது. அதன் பெயர் அஸ்டாசாந்தின். உயிருள்ள நண்டில் இந்த நிறமியை ஒரு புரதம் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், அது நமக்குச் சிவப்பாகத் தெரியாமல் நீலமாகவும் பச்சையாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. சூடு பட்டதும் அந்தப் புரதத்தின் மடிப்புகள் குலைந்து பிடி தளர்கிறது. விடுபட்ட நிறமி தன் இயல்பான செம்மஞ்சள் நிறத்தைக் காட்டுகிறது. ஓடு மெல்லியது, கொதிக்கும் குழம்பில் நேரே கிடப்பது. ஆகவே இந்த மாற்றம் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். கொடுக்கின் நடுவில் உள்ள சதைக்கு அந்தச் சூடு போய்ச் சேர அதைவிடப் பல நிமிடங்கள் ஆகும். சிவப்பு நிறம், ஓட்டுக்குச் சூடு ஏறிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது.

வேகும் கதை அடுப்பில் தொடங்குவதில்லை, சந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்கு மிக அருகிலுள்ள கடற்கரையே சாலை வழியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வரும் நீலக்கால் நண்டும் முதுகில் மூன்று புள்ளிகள் உள்ள நண்டும் பெரும்பாலும் பனிக்கட்டியில் இறந்த நிலையில்தான் வருகின்றன. கழி நண்டு மட்டும் செவுள் அறையில் ஈரத்தைத் தக்கவைத்துக்கொண்டு, கயிற்றால் கட்டப்பட்ட நிலையில் உயிரோடு வருவதுண்டு. இந்த வேறுபாடு முக்கியமானது. நண்டு இறந்ததும், அதன் உடலின் நடுவில் உள்ள செரிமானச் சுரப்பியின் நொதிகள் கசிந்து, பக்கத்திலுள்ள சதையையே செரிக்கத் தொடங்குகின்றன. பனிக்கட்டி அந்த வேலையை மெதுவாக்கும், முற்றிலும் நிறுத்தாது. எனவே இறந்த நண்டை வாங்கும்போது கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். அளவுக்கு ஏற்ற கனம் இல்லாவிட்டால் உள்ளே சதை குறைவு, நீர்தான் அதிகம். கால் மூட்டுகளில் உள்ள மெல்லிய தோல் கறுத்திருந்தாலோ, அடிப்பக்கத்து வெள்ளை ஓட்டில் சாம்பல் நிழல் படிந்திருந்தாலோ, வயிற்றருகே முகரும்போது மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் அது வேண்டாம். எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் தடவினால் நெடி அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் கெட்டுப்போன சதை அதனால் நல்லதாகிவிடாது.

ஒரு கிலோவுக்கு ஐந்தாறு நிற்கிற நடுத்தர நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்வோம். உயிருள்ள கழி நண்டாக இருந்தால் அரை மணி நேரம் பனிக்கட்டியில் புதைத்து வைத்து, அசைவு அடங்கிய பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும். முதலில் நண்டைக் குளிர்ந்த நீரில் தேய்த்துக் கழுவி, மல்லாத்தி வைக்க வேண்டும். வயிற்றின் நடுவில் மடிந்து கிடக்கும் மடல் ஆணுக்குக் குறுகலாகவும், முதிர்ந்த பெண்ணுக்கு அகலமாகவும் இருக்கும். அதை நகத்தால் தூக்கிப் பின்பக்கமாக இழுத்துப் பிய்த்தால், அதனுள் ஓடும் குடலும் சேர்ந்து வந்துவிடும். பிறகு, மடல் இருந்த இடத்தில் கட்டை விரலை நுழைத்து, மேல் ஓட்டை முன்னோக்கித் திறக்க வேண்டும்.

திறந்ததும் இரு பக்கமும் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற விரல்கள்தான் செவுள்கள். அவை நஞ்சு என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. நண்டு மூச்சு விடுவதற்காக நாள் முழுவதும் நீர் இவற்றின் வழியேதான் ஓடுகிறது, அதனால் நீரிலுள்ள சேறும் நுண்ணுயிரும் இவற்றின் இடுக்குகளில் தங்குகின்றன. தின்னத் தக்க சதையும் இவற்றில் இல்லை. ஒவ்வொன்றாகப் பிய்த்தெறிந்து, அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் துணுக்குகளையும் சுரண்டிவிட வேண்டும். அடுத்தது இரைப்பை. கண்களுக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலும் மேல் ஓட்டின் முன்பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு வரும் மெல்லிய பை அது. நண்டு தின்ற இரையும் மணலும், அவற்றை அரைக்கும் சிறு பற்களும் அதற்குள் இருக்கும். குழம்பில் மண் கடிபட்டால் பல வேளைகளில் காரணம் மறந்துவிட்ட இந்தப் பைதான். வாய்ப்பகுதியை உள்நோக்கி அழுத்தி முறித்தால் பை உடையாமல் வரும்.

நடுவில் மஞ்சளும் பச்சையும் கலந்த களிம்பு போலத் தெரிவதுதான் மேலே சொன்ன செரிமானச் சுரப்பி. கல்லீரலின் வேலையையும் கணையத்தின் வேலையையும் இதுவே செய்கிறது. இதன் சுவையை விரும்பி வைத்துக்கொள்வோர் உண்டு. என் கருத்து வேறு. காட்மியம் போன்ற உலோகங்களும், சில கடல் நுண்பாசிகளின் நஞ்சும் நண்டின் உடலில் சேர்கிற இடம் இதுவே, அவை கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. பனிக்கட்டியில் வந்த நண்டில் இந்தக் களிம்பு ஏற்கெனவே நீர்த்துப்போய்ச் சதைக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே அதை வழித்தெடுத்துவிடுவதே நல்லது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. பெண் நண்டில் கெட்டியாக, ஆழ்ந்த செம்மஞ்சள் நிறத்தில் இருப்பது முட்டைச் சினை. அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பிறகு நண்டை நடுவில் இரண்டாக வெட்டி, கொடுக்குகளைத் தனியே எடுத்து, அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டி விரிசல் விடச் செய்ய வேண்டும். மசாலா உள்ளே இறங்குவதற்கு மட்டுமல்ல, சூடு உள்ளே போவதற்கும் அந்த விரிசல் உதவுகிறது. வெட்டிய பின் ஒரு முறை அலசினால் போதும். நீரில் ஊறப் போட்டால் சதையின் இனிப்பு கரைந்து போய்விடும்.

சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய், மல்லி, புளி என்று குழம்பு எந்த வகையில் இருந்தாலும், அது பச்சை வாசனை போய் நன்றாகக் கொதித்த பிறகுதான் நண்டைப் போட வேண்டும். ஆறிய மசாலாவில் நண்டையும் சேர்த்துக் கலந்து, சிறு தீயில் மெல்லச் சூடேற்றுவது பெரிய தவறு. மிச்சமிருக்கும் செரிமான நொதிகள், சதை வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில்தான் வேகமாக வேலை செய்கின்றன. கொதிநிலையை நெருங்கியதும் அவையே குலைந்து செயலிழக்கின்றன. மெல்லச் சூடேற்றினால் அவற்றுக்கு நேரம் கிடைத்துவிடும், சதை நார் பிடிக்காமல் மாவாகக் கரைந்துவிடும். நண்டு கெட்டது என்று கடைக்காரரைக் குறை சொல்லும் சில வேளைகளில், உண்மையான காரணம் நம் அடுப்பின் தீயாகவும் இருக்கலாம்.

குளிர்ந்த நண்டு விழுந்ததும் கொதி அடங்கும். மீண்டும் கொதி வந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. இரண்டாக வெட்டிய நடுத்தர நீலக்கால் நண்டுக்கு மூடி போட்டு 10 முதல் 12 நிமிடம், கனத்த கொடுக்குள்ள கழி நண்டுக்கு 15 முதல் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கு சமைப்பவர்கள் ஓரிரு நிமிடம் கூடுதலாக விடுவது நல்லது.

கடிகாரத்தை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை எடுத்துப் பார்க்க வேண்டும். நீந்துவதற்காகத் துடுப்புப் போல் தட்டையாக உள்ள கடைசிக் கால் உடலோடு சேரும் இடத்தில்தான் உடலின் பெரிய சதைத் திரள் இருக்கிறது. கடைசியாக வேகுபவை அதுவும் கொடுக்கும்தான். அந்த இடத்தை உடைத்தால், வெந்த சதை ஒளி ஊடுருவாத வெண்மையில், இழை இழையாகப் பிரிந்து, ஓட்டை விட்டு எளிதாகக் கழன்று வரும். கண்ணாடித் தன்மையோ சாம்பல் நிறமோ நடுவில் எஞ்சியிருந்தால் இன்னும் 3 நிமிடம் கொதிக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் அந்தச் சதைக்குள் குத்திப் பார்க்கலாம், 63 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். சதையோடு தயிர்த் திவலை போல வெள்ளையாகத் தெரிவது கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். அது நண்டின் இரத்தம் சூட்டில் உறைந்தது, கெட்டதன் அடையாளமல்ல. அதற்கு மேலும் நெடுநேரம் கொதிக்கவிட்டால் இழைகள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். சதை உலர்ந்து ஓட்டோடு மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் கடல் நண்டுக்கு. தென்பெண்ணைக் கரையிலும் வயல் வரப்பு வளைகளிலும் பிடிக்கும் சிறு நண்டுகளுக்கு வேறு ஒரு கவனமும் தேவை. நன்னீர் நண்டின் சதையிலும் செவுளிலும் நுரையீரல் புழுவின் கூடுகள் இருக்கக்கூடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை அவை. வேகாமல் உள்ளே போனால் காசநோய் போலவே நீண்ட இருமலும் சளியில் இரத்தமும் வரும். நம் நாட்டில் மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் இந்நோய் நன்கு அறியப்பட்டது. நாம் நண்டைப் பச்சையாகத் தின்பதில்லை. ஆனால் சளிக்கு ரசம் வைக்கும்போது, வயல் நண்டைப் பச்சையாகவே அம்மியிலோ உரலிலோ நசுக்கிச் சாறு பிழிகிறோம். அப்போது சாறு கையிலும் அம்மியிலும் தெறிக்கிறது, அதே அம்மியில் அடுத்துத் துவையல் அரைக்கப்படுகிறது. சாறு பிழிந்த உடனே அம்மியையும் குழவியையும் கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். செவுளும் இரைப்பையும் நீக்காமல் நசுக்கக் கூடாது. அந்தக் கூடுகள் வடிகட்டியில் நின்றுவிடும் என்று நம்பவும் கூடாது.

இந்த ரசத்தில் உடைத்துப் பார்க்க ஓடும் இல்லை, சதையும் இல்லை. வழக்கமாக ரசத்தை நுரை கூடியதும் இறக்கிவிடுவோம். நண்டுச் சாறு சேர்த்த ரசத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். முதலில் கலங்கலாக இருக்கும் சாறு, சூடு ஏற ஏற வெண்ணிறத் துகள்களாகத் திரிந்து மேலே மிதக்கும். புரதம் உறைகிறது என்று அதற்குப் பொருள். அந்தத் துகள்கள் திரண்ட பிறகும் தளதளவென்று 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அதற்கப்புறமே மிளகும் கொத்தமல்லித் தழையும் தூவி இறக்க வேண்டும்.