“சாதகம் 93 லட்சம்” என்று இருந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள்: பட்ஜெட் வேறுபாட்டுக் குறிப்பைத் திருப்பி எழுதுவது எப்படி

ஒரு நூற்பாலையின் ஜூலை–செப்டம்பர் காலாண்டு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் அமைத்தவை. ஆனால் குறிப்பின் நடை எந்த போர்டு ஃபைலைத் திறந்தாலும் கிடைக்கும். மூலப்பொருள் செலவைப் பற்றி நிதி இயக்குநர் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

“மூலப்பொருள் செலவு ரூ.18.99 கோடி, பட்ஜெட் ரூ.18.56 கோடி. நிகர பாதக வேறுபாடு ரூ.43.24 லட்சம் (2.3%), அனுமதித்த 5% வரம்புக்குள். சந்தை விலை உயர்வால் விலை வேறுபாடு ரூ.90.44 லட்சம் பாதகம். கலவைத் தரம் காரணமாக உபயோக வேறுபாடு ரூ.45.60 லட்சம் பாதகம். உற்பத்தி அளவு வேறுபாடு ரூ.92.80 லட்சம் சாதகம்.”

கணக்கில் ஒரு பைசா பிழை கிடையாது. ஆனால் இதைப் படிக்கும் மார்க்கெட்டிங் மேலாளரோ, குடும்பத்தின் சார்பில் போர்டில் இருப்பவரோ, பர்சேஸ் பிரிவுத் தலைவரோ என்ன புரிந்துகொள்வார்? பஞ்சு விலை ஏறிவிட்டது, கொஞ்சம் கூடுதலாகச் செலவானது, நல்லவேளை 93 லட்சம் சாதகமாக அமைந்து சரிக்கட்டியது, எல்லாம் 5 சதவீதத்துக்குள். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்த ஆலையில் நடந்ததோ வேறு.

திருப்பி எழுத உட்காரும்போது முதலில் நிதி இயக்குநரிடம் கேட்க வேண்டியது விளக்கம் அல்ல, வேறுபாட்டுக்கு அடியில் இருக்கும் ஆறு எண்கள். எவ்வளவு நூல், ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு பஞ்சு, பஞ்சு கிலோ என்ன விலை: இந்த மூன்றும் பட்ஜெட்டில் எவ்வளவு, நடப்பில் எவ்வளவு. நம் ஆலையில் பட்ஜெட்படி 10 லட்சம் கிலோ நூல், கிலோவுக்கு 1.16 கிலோ பஞ்சு, பஞ்சு விலை ரூ.160. நடந்தது 9.5 லட்சம் கிலோ நூல், கிலோவுக்கு 1.19 கிலோ பஞ்சு, விலை ரூ.168. பஞ்சு வியாபாரத்தில் 356 கிலோ ஒரு கேண்டி. அந்தக் கணக்கில் கேண்டிக்குச் சுமார் ரூ.56,960 என்று நினைத்தது ரூ.59,810 ஆனது. மில்காரர்களுக்கு எழுதும் குறிப்பில் கேண்டி விலையைத்தான் போட வேண்டும். கிலோ விலை அவர்கள் மனதில் ஓடுவதில்லை.

இப்போது அந்தச் “சாதகம்” என்ன என்று பாருங்கள். 50,000 கிலோ நூல் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டாத நூலுக்குப் பஞ்சு தேவைப்படவில்லை. 50,000-ஐ 1.16-ஆலும் 160-ஆலும் பெருக்கினால் சரியாக ரூ.92.80 லட்சம். மெஷின் நின்றதால் மிஞ்சிய பஞ்சுச் செலவுதான் அது. யாரும் எதையும் மிச்சப்படுத்தவில்லை. அடுப்பு பற்ற வைக்காத நாளில் அரிசி மிச்சம் என்பதுபோல. நிதிக்காரர் அகராதியில் பட்ஜெட்டைவிடச் செலவு குறைந்தால் சாதகம், அவ்வளவுதான். படிப்பவருக்கோ “சாதகம்” என்றால் நல்ல சேதி. அதனால் திருப்பி எழுதும் குறிப்பில் உற்பத்தி அளவு வேறுபாட்டைச் செலவுப் பக்கத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில், அந்த நூல் ஓடியிருந்தால் கையில் என்ன நின்றிருக்கும் என்று எழுதுங்கள். பஞ்சு, மின்சாரம், பேக்கிங், கமிஷன் எல்லாம் போக இந்த ஆலைக்குக் கிலோவுக்கு ரூ.35 நிற்கிறது. 50,000 கிலோவுக்கு ரூ.17.5 லட்சம் கைவிட்டுப் போயிருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. உற்பத்தி குறைந்ததால் சம்பளம், தேய்மானம் போன்ற நிலைச் செலவு முழுவதும் நூல்மேல் ஏறவில்லை என்று அறிக்கையின் இன்னொரு பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். ரூ.35 என்பதே நிலைச் செலவைக் கழிக்காத மிச்சம். இரண்டையும் கூட்டினால் ஒரே இழப்பை இருமுறை எண்ணியதாகிவிடும்.

அடுத்தது உபயோக வேறுபாடு. கிலோவுக்கு 30 கிராம் கூடுதல் பஞ்சு, 9.5 லட்சம் கிலோவுக்கு 28,500 கிலோ, பட்ஜெட் விலையில் ரூ.45.60 லட்சம். பஞ்சில் நூலாக மாறும் பங்கு 86 சதவீதத்திலிருந்து 84-க்கு இறங்கிவிட்டது என்பதுதான் இதன் பொருள். ஸ்பின்னிங் மாஸ்டருக்கு இந்த இரண்டு எண்ணைச் சொன்னாலே போதும், மீதியை அவர் சொல்லிவிடுவார். ஆனால் ரூ.45.60 லட்சமும் இழப்பு அல்ல. கூடுதலாக விழுந்த கழிவில் 24,000 கிலோவைக் கிலோ ரூ.45-க்கு விற்றிருக்கிறார்கள், ரூ.10.8 லட்சம் “இதர வருமானம்” என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் உண்மையான இழப்பு சுமார் ரூ.35 லட்சம். கழிவு விற்ற பணத்தைத் தேடிப் பிடிக்காமல் உபயோக வேறுபாட்டை எழுதவே கூடாது.

“கலவைத் தரம் காரணமாக” என்பது காரணம் போலத் தெரியும், ஆனால் காரணம் அல்ல. தரம் ஏன் குறைந்தது? லாட் வாரியான பரிசோதனைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், ஜூலை முதல் வாரங்களில் ஓடிய பழைய இருப்பில் தூசு 3 சதவீதம். பிறகு வந்த லாட்டுகளில் 5 சதவீதம். பழைய இருப்பு ஓடிய வாரங்களில் நூலாக்கம் 86 சதவீதத்தில் நின்றிருக்கிறது. மெஷின்கள் அதேதான், ஆட்களும் அதேதான், பஞ்சு மட்டும்தான் மாறியது. காரணத்தை உறுதி செய்ய இப்படி ஒரு ஒப்பீடாவது கையில் இருக்க வேண்டும். பழைய பஞ்சிலும் நூலாக்கம் சரிந்திருந்தால், சந்தேகம் பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோ ரூம், கார்டிங் மெஷின்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

உற்பத்திக் குறைவுக்கும் லாக் புக்கைப் பார்க்க வேண்டும். 14,000 கிலோ, இரண்டு ரிங் ஃபிரேம்களை ஓவர்ஹாலுக்கு நிறுத்தியதால். திட்டமிட்ட வேலைதான், பட்ஜெட் போட்டவர் சேர்க்க மறந்துவிட்டார். மீதி 36,000 கிலோ, இழை அடிக்கடி அறுந்ததால் கதிர் வேகத்தைக் குறைத்ததால். ஏன் அறுந்தது? அதே பஞ்சுதான்.

இனி விலை. “சந்தை விலை உயர்வால்” என்று எழுதிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், சந்தையை யார் என்ன செய்ய முடியும்? ஆனால் பட்ஜெட்டின் ரூ.160 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இந்தியாவில் பஞ்சு ஆண்டு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. வரத்து பெருகுவது குளிர்கால மாதங்களில். நல்ல பஞ்சு தேர்ந்தெடுக்கக் கிடைப்பதும் அப்போதுதான். ஜூலைக்குப் பிறகு கிடைப்பது பெரும்பாலும் சீசன் கடைசிச் சரக்கு. இந்த ஆலையின் பட்ஜெட், ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கான பஞ்சை மார்ச் இறுதிக்குள் வாங்கி வைத்துவிடுவோம் என்ற கணக்கில் போட்டது. வாங்கவில்லை, ஏனென்றால் வங்கியின் செயல் மூலதன வரம்பு புதுப்பிப்பு ஜூன் 20 வரை இழுத்துவிட்டது.

மூன்று வரிகளில் மூன்று காரணம்போல் இருந்தவை ஒரே வேரில் போய் முடிகின்றன. வேறுபாட்டுக் கணக்கின் சூத்திரமே ஒரு நிகழ்வை விலை, உபயோகம், அளவு என்று மூன்றாக அறுத்துவிடுகிறது. அறுத்ததை மறுபடி சேர்த்துக் காட்டுவதுதான் திருப்பி எழுதுபவரின் வேலை. ஒவ்வொரு வரிக்கும் “ஏன்” என்று கேட்டுக்கொண்டே போங்கள். தேதி போடக்கூடிய ஒரு முடிவோ, எடுக்காமல் விட்ட ஒரு முடிவோ வந்ததும் நிறுத்தலாம். அதற்கு முன்னால் நிறுத்தினால் கையில் இருப்பது அறிகுறி மட்டுமே.

இன்னும் ஒன்று பாக்கி. அறிக்கையின் வேறொரு பக்கத்தில் “நிதிச் செலவு: சாதகம்” என்று பெருமையாக ஒரு வரி. மார்ச் இறுதியில் ரூ.18.56 கோடிக்குப் பஞ்சு வாங்கியிருந்தால், அது ஓடித் தீரும்வரை சராசரியாக நாலரை மாதம், 10 சதவீதத்தில், சுமார் ரூ.70 லட்சம் வட்டி ஆகியிருக்கும். வாங்காததால் அது மிஞ்சியது. இதை விட்டுவிட்டு இழப்பை மட்டும் எழுதினால் நிதி இயக்குநருக்கு அநியாயம். பர்சேஸ்காரருக்கும் தவறான பாடம் போய்ச் சேரும்.

எல்லாம் சேர்த்துத் திருப்பி எழுதினால் இப்படி வரும்:

“இந்தக் காலாண்டுக்கான பஞ்சை மார்ச் இறுதிக்குள் வாங்குவதாக இருந்தோம். வங்கி வரம்பு ஜூன் 20 வரை புதுப்பிக்கப்படாததால் முடியவில்லை; சீசன் கடைசியில் கிடைத்ததை வாங்கினோம். கேண்டிக்குச் சுமார் ரூ.2,850 கூடுதல் கொடுத்ததில் ரூ.90 லட்சம். பஞ்சில் தூசு அதிகம் இருந்ததால் கூடுதலாக விழுந்த கழிவில், விற்ற பணம் போக ரூ.35 லட்சம். இழை அறுந்து வேகத்தைக் குறைத்ததால் 36,000 கிலோ நூல் குறைந்து, அதில் வர வேண்டிய ரூ.13 லட்சம். ஆக ரூ.138 லட்சம். வாங்காததால் மிஞ்சிய வட்டி ரூ.70 லட்சத்தைக் கழித்தால் நிகர இழப்பு சுமார் ரூ.68 லட்சம். இரண்டு ஃபிரேம் ஓவர்ஹால் பட்ஜெட்டில் விடுபட்டதால் வேறாக ரூ.5 லட்சம். மார்ச்சுக்குப் பிறகு விலை இறங்கியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஆனால் தூசும் வேகக் குறைவும் விலை இறங்கினாலும் வந்திருக்கும். போர்டு தீர்மானிக்க வேண்டியது: வரும் மார்ச்சில் எத்தனை மாதப் பஞ்சு வாங்கி வைப்பது, அதற்கான வங்கி விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும்.”

2.3 சதவீதம், வரம்புக்குள் என்ற வாக்கியம் இதில் இல்லை. நிகர எண்ணுக்குச் சதவீத வரம்பு வைத்தால், பெரிய பாதகமும் பெரிய “சாதகமும்” ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். வரம்பை விலை, உபயோகம், அளவு என்று தனித்தனியே வைக்கச் சொல்லுங்கள்.

நிதி இயக்குநர் இரண்டு ஆட்சேபம் சொல்வார். ரூ.43.24 லட்சம் எங்கே என்பது முதலாவது, நியாயமான கேள்வி. ஆகவே குறிப்பின் அடியில் அவருடைய மூன்று எண்களையும் கூட்டி ரூ.43.24 லட்சம் வருவதைக் காட்டி, அதிலிருந்து ரூ.68 லட்சத்துக்கு எப்படிப் போனோம் என்று சிறு அட்டவணை வையுங்கள். ஆடிட்டருக்கும் வங்கிக்கும் பழைய வடிவமே போகட்டும். இரண்டாவது ஆட்சேபத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்: வங்கி வரம்பு அவர் துறை வேலை. அதனால்தான் மேலே உள்ள குறிப்பில் “தாமதம்”, “தவறு” என்ற சொற்கள் இல்லை, ஜூன் 20 என்ற தேதி மட்டும் இருக்கிறது. போர்டுக்கு அனுப்பும் முன் வரைவை அவரிடம் காட்டி, அந்தத் தேதியை அவர் வாயாலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். தேதியை எடுக்கச் சொன்னால், வங்கி என்ன ஆவணம் கேட்டு நிறுத்தி வைத்திருந்தது என்பதையும் பக்கத்தில் சேர்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு ஒத்துக்கொள்வார்.