வயலில் அளந்த பி.எச்., ஈரப்பதம்: எண்ணோடு என்னென்ன எழுத வேண்டும்?

சுற்றுச்சூழல் அறிக்கைகளில் மண் பகுதியைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "மண்ணின் பி.எச். 7.3, ஈரப்பதம் 25 சதவீதம்." இரண்டு எண்களும் சரியாகவே அளக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் இந்த வரியை வைத்து யாராலும் எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த நிலையில் இருந்த மண், எப்படி அளந்தது என்ற விவரம் இதில் இல்லை.

காவிரி டெல்டாவில், சற்றே காரத்தன்மையுள்ள களிமண் நஞ்சை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடையில் வெடித்துக் கிடக்கும்போது அங்கே பி.எச். 8.3 என்று வருகிறது. அதே வயலில் சம்பா நட்டுச் சில வாரங்கள் தண்ணீர் நின்ற பிறகு 7.3 வருகிறது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், இடையில் போட்ட ஜிப்சமோ பசுந்தாள் உரமோ வேலை செய்துவிட்டது என்றுதான் நினைப்பார். உண்மையில் எதுவுமே போடாமலும் இந்த இறக்கம் நடக்கும். தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் காற்று போகாது. நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு வெளியேற வழியின்றி மண்நீரில் கரைந்து தங்குகிறது, காரமண்ணின் பி.எச். இறங்குகிறது. அமில மண்ணில் இதற்கு நேர்மாறு. அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடுகளைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. அந்த வினை அமிலத்தைச் செலவழிப்பதால் பி.எச். ஏறுகிறது. இரண்டு வகை மண்ணுமே நடுநிலையை ஒட்டி வந்து நிற்கும். தண்ணீரை வடித்துக் காயவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பும்.

ஆகவே நஞ்சை மண் அறிக்கையில் முதலில் எழுத வேண்டியது நீர்நிலை. தண்ணீர் நிற்கிறதா, எத்தனை செ.மீ. உயரம், எத்தனை நாளாக நிற்கிறது, வடித்திருந்தால் வடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் வேண்டும். நின்ற நாள் கணக்கை வயல்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அப்படிக் கேட்டு எழுதியது என்பதையும் குறிப்பிடுங்கள்.

தண்ணீர் நிற்கும் சேற்றில் எலக்ட்ரோடை வேர்ப்பகுதி ஆழத்துக்கு நேராகச் செருகி அங்கேயே அளப்பதுதான் நல்லது. சேற்றைப் பையில் கட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கலக்கினால் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறிவிடும், பி.எச். ஏறிக் காட்டும். 7.3 இருந்த மண் மாலையில் 7.8 காட்டினால் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. "சேற்றில் நேரடி அளவு" என்றும் "காயவைத்துச் சலித்து ஆய்வகத்தில் அளந்தது" என்றும் இரண்டு தனி வரிசைகளாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது.

தண்ணீர் நிற்காத வயலில் மண்ணைக் கரைத்துத்தான் அளக்க வேண்டும். உலர்ந்த மண்ணில் எலக்ட்ரோடைக் குத்தினால் நுனிக்கும் மண்ணுக்கும் தொடர்பே இருக்காது; எண் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், கண்ணாடிக் குமிழும் கீறிப்போகும். பேட்டரி இல்லாமல் இரண்டு உலோகக் கம்பிகளோடு கடையில் கிடைக்கும் மலிவு மீட்டர்களின் எண்ணை அறிக்கையில் சேர்க்காதீர்கள். அவற்றின் முள் பி.எச்.சை விட ஈரத்துக்கும் உப்புக்கும்தான் அதிகம் அசையும்.

நம் நாட்டில் பரவலாக உள்ள முறை ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வாலை வடிநீர். 20 கிராம் மண், 50 மி.லி. நீர், கலக்கி அரை மணி நேரம் அவ்வப்போது கிளறி, அளக்கும் முன் ஒருமுறை கலக்கிப் பார்ப்பது. இந்தக் கணக்கு காய்ந்த மண்ணுக்கானது. வயலில் கையில் இருப்பது ஈரமண். உலர் எடைக்கு 25 சதவீத ஈரமுள்ள மண்ணில் 20 கிராம் எடுத்தால் அதில் மண் 16 கிராம்தான், மீதி 4 கிராம் தண்ணீர். அதில் 50 மி.லி. ஊற்றினால் விகிதம் ஒன்றுக்கு 3.4 ஆகிவிடும். சரியாக வேண்டுமானால் 25 கிராம் ஈரமண்ணுக்கு 45 மி.லி. நீர். சாதாரண மண்ணில் இதனால் வரும் வேறுபாடு சிறியது. உப்பு, உவர் நிலங்களில் நீர் கூடக்கூட பி.எச். கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். ஆகவே விகிதத்தை எழுதாமல் விடக் கூடாது. நீருக்குப் பதில் கால்சியம் குளோரைடு கரைசலில் அளந்திருந்தால் எண் பெரும்பாலும் அரை அலகு அளவுக்கோ அதற்கு மேலோ குறைவாக வரும். எதில் கரைத்தது என்பதும் அறிக்கையில் வேண்டும்.

மீட்டரை அன்று காலை பி.எச். முன்பே தெரிந்த 7, 10 பஃபர் கரைசல்களில் சரிசெய்தோம் என்று எழுதினால் மட்டும் போதாது. கடைசி மாதிரி முடிந்ததும் மறுபடி பஃபர் 7-இல் வைத்துப் பாருங்கள். 0.1-க்கு மேல் விலகியிருந்தால் நடுவில் எங்கோ எலக்ட்ரோடின் இணைப்புத் துளையைக் களி அடைத்திருக்கலாம். கடைசியாகச் சரிபார்த்த இடத்துக்குப் பிறகு வந்த எண்கள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மீட்டரில் உள்ள வெப்பத் திருத்தம் எலக்ட்ரோடின் மின் அளவை மட்டுமே சரிசெய்யும். வெயிலில் சூடான மண்கரைசலின் பி.எச்.சை 25 டிகிரிக்கு மாற்றித் தராது. கரைசலின் வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதுவது இதற்காகத்தான்.

ஈரப்பதத்தில் குழப்பம் இதைவிட அதிகம். ஒரே மாதிரிக்கு மூன்று சரியான விடைகள் உண்டு. உள்விட்டமும் உயரமும் 5 செ.மீ. உள்ள வளையத்தில் மண் எடுக்கிறோம். கொள்ளளவு சுமார் 98.2 கன செ.மீ. ஈரத்தோடு மண்ணின் எடை 159.5 கிராம். 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை, வழக்கமாக ஒரு நாள், காயவைத்த பின் 127.6 கிராம். போன தண்ணீர் 31.9 கிராம். உலர் எடையால் வகுத்தால் 25 சதவீதம், ஈர எடையால் வகுத்தால் 20, கொள்ளளவால் வகுத்தால் 32.5. மண்ணியலில் உலர் எடைதான் வழக்கம் என்றாலும், அறிக்கையைப் படிப்பவருக்கு நீங்கள் எதால் வகுத்தீர்கள் என்று தெரியாது. "ஈரப்பதம் 25 சதவீதம், உலர் எடை அடிப்படை" என்று எழுத இன்னும் மூன்று சொல்தான் செலவு.

செருகி அளக்கும் சென்சார் கொடுப்பது கொள்ளளவு ஈரம். அதை அடுப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் மண்ணின் பருமன் அடர்த்தி, அதாவது உலர் எடையைக் கொள்ளளவால் வகுத்த எண், தேவை. மேலே உள்ள மாதிரிக்கு அது கன செ.மீ.க்கு 1.30 கிராம். வெடிக்கும் களிமண்ணில் சென்சாரின் முள்ளைச் சுற்றி இடைவெளி விழுந்தால் அளவு குறைத்துக் காட்டும். கடலோர உப்பு மண்ணில் பல சென்சார்கள் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு மண்வகைக்கும் சில இடங்களில் சென்சார் அளவோடு வளைய மாதிரியும் எடுத்து, இரண்டின் வித்தியாசத்தை அறிக்கையிலேயே கொடுப்பதுதான் நேர்மையான வழி.

இதையெல்லாம் சேர்த்தால் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "இடம் 4, நஞ்சை, களிமண், ஆழம் 0–15 செ.மீ. தண்ணீர் வடித்து 6 நாள். முந்தைய 3 நாளில் மழை இல்லை. யூரியா இட்டு 12 நாள் (வயல்காரர் சொன்னது). பி.எச். 7.9, நீரில் 1:2.5, ஈரமண், கரைசல் 31 டிகிரி. ஈரப்பதம் 25 சதவீதம், உலர் எடை, அடுப்பு முறை." யூரியா நாளை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இட்ட சில நாட்களுக்கு அது கரையும் இடத்தில் பி.எச். ஏறும், காற்றோட்டமுள்ள மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது இறங்கும்.

பல இடங்களின் பி.எச்.சைக் கூட்டி வகுத்துச் சராசரி போடாதீர்கள். அது மடக்கை அளவு: 5-க்கும் 7-க்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவின் சராசரி எடுத்தால் பி.எச். 5.3 வரும், 6 வராது. எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணையும் குறைந்தது, கூடியது இரண்டையும் கொடுங்கள். எண்ணை ஒரு தசமத்தில் நிறுத்துங்கள். வயலில் அளந்த 7.86-இல் கடைசி இலக்கத்துக்கு ஆதாரம் இல்லை.

பழைய அறிக்கையோடு ஒப்பிடும் இடத்தில், அதில் நீர்நிலையோ விகிதமோ இல்லையென்றால் அந்த எண்ணைத் தனி வரிசையில் "முறை குறிப்பிடப்படவில்லை" என்று போடுங்கள். அதையும் உங்கள் எண்ணையும் கோடு போட்டு இணைத்து வரைபடத்தில் காட்ட வேண்டாம்.