௱௰௮ என்பது நூற்றுப் பதினெட்டு: பழைய கணக்குப் பக்கத்தில் இடமதிப்பு

பழைய அச்சுப் பக்கங்களைப் படியெடுக்கும் பணியில் எனக்கு அண்மையில் வந்த ஒரு நிழற்படத்தில், ஒரு கூட்டல் கணக்கின் மூன்று உறுப்புகளும் தமிழ் எண்களில் அச்சாகியிருக்க, விடை மட்டும் 649 என்று இன்றைய எண்களில் இருந்தது. ௩௱௨௰௫, ௱௰௮, ௨௱௬ என்பவை அந்த உறுப்புகள். முதலில் படியெடுத்தவர் பத்தைக் குறிக்கும் ௰, நூற்றைக் குறிக்கும் ௱ ஆகிய குறிகளை வெறும் இடம் காட்டும் அடையாளங்களாகக் கருதி நீக்கிவிட்டு, 325, 8, 26 என்று எழுதியிருந்தார். கூட்டினால் 359 மட்டுமே வருகிறது.

இந்தத் தவறு எளிதில் மறைந்துகொள்ளும். நூறு, பத்து, ஒன்று ஆகிய எல்லா இடங்களிலும் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்குறி எழுதப்பட்டிருந்தால், குறிகளை நீக்கினாலும் ௩௱௨௰௫ சரியாக 325 ஆகிவிடும். ஆனால் பழைய முறையில் சுழியம் இல்லை. ஓரிடம் வெறுமையாக இருந்தால் அதை எழுதாமலே விடுவார்கள். ௨௱௬ என்பதில் பத்தின் இடம் வெறுமை, ஆகவே அது 206. ஒரு நூறு, ஒரு பத்து என்னும்போது முன்னால் ௧ எழுதும் வழக்கமும் இல்லாததால், ௱௰௮ என்பது நூறும் பத்தும் எட்டும் சேர்ந்து 118 ஆகிறது. விட்டுப்போன 110, 180 இரண்டையும் 359 உடன் கூட்டினால் 649 கிடைக்கிறது.

வாசிக்கும் விதி ஒன்றே: சிறிய எண் பெரிய குறிக்கு முன்னால் நின்றால் பெருக்க வேண்டும், பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். அதனால் ௨௰ என்பது இருபது, ௰௨ என்பது பன்னிரண்டு. ௱௲ என்பது நூறாயிரம், அதாவது ஓர் இலட்சம். ஆனால் ௰, ௱, ௲ எதுவும் இல்லாமல் ௧௮௬௭ என்று வந்தால் அதை இன்றைய இடமதிப்பு முறையிலேயே 1867 என்று படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு நூல்களின் முகப்பில் ஆண்டு இப்படி வருவதுண்டு. இரண்டு முறைகளும் ஒரே நூலில் வரக்கூடும் என்பதால், பக்கத்துக்கு ஒரு முடிவு என்றில்லாமல் எண்ணுக்கு எண் பார்ப்பதே என் வழக்கம்.

படத்தின் மங்கல் வேறு வகைத் தொல்லை. ௬ குறியின் கீழ்வளைவு தேய்ந்தால் ௪ போலத் தோன்றும். அப்போது கூட்டுத்தொகை 647 ஆகி, விடைக்கு இரண்டு குறையும். இடமதிப்பைத் தவறவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் பத்துகளிலும் நூறுகளிலும் வரும். ஒற்றை இலக்க வித்தியாசம் வந்தால் ஒன்றின் இடத்து வடிவங்களைப் படத்தைப் பெரிதாக்கி மீண்டும் பார்க்கிறேன். பக்கத்தின் தலையில் தனியே நிற்கும் உ பிள்ளையார் சுழி. அதை ௨ என்று கணக்கில் சேர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கணக்கின் வரிசை எண்ணாக ஓரத்தில் நிற்கும் ௨, பக்கத்திலுள்ள 325 உடன் ஒட்டிக்கொண்டு 2325 ஆவதும் உண்டு. இடைவெளியை அளந்து, அதே நெடுவரிசையில் மேலும் கீழும் ௧, ௩ இருக்கின்றனவா என்று பார்த்தால் அது பிடிபடும்.