கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, வாத்து மட்டும் ஏன் சாகிறது?

போன ஐப்பசி மழையில் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ரெண்டு ஏக்கர் நெல், கூடவே 60 காக்கி கேம்பல் வாத்து, அதில் 52 பெட்டை, 8 ஆண். தினமும் 40 முட்டைக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டிருந்தவர், மூன்று வாரத்தில் 36, 29, 22 என்று இறங்கிவிட்டதாகச் சொன்னார். அதையும் அவர் முதலில் நோய் என்று நினைக்கவில்லை. வாத்துகளைக் காலை ஆறு மணிக்கே வயலுக்குத் திறந்துவிடுவதால் வரப்பிலும் வாய்க்காலிலும் முட்டையைப் போட்டுவிடுகின்றன என்றே எண்ணியிருக்கிறார். வாத்து பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு முடித்துவிடும் என்பதால், அதுவரை பட்டியிலேயே அடைத்து வைத்திருந்தால் முதல் வாரத்திலேயே குறைவு தெரிந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது பத்து நாளில் 9 வாத்து செத்திருந்தது.

வாத்துகள் தீவனத்தைச் சரியாக எடுக்கவில்லை, சிறகு பொலிவில்லாமல் இருந்தது, சில தள்ளாடி நடந்து உட்கார்ந்துகொண்டன. ஒன்று என் கண் முன்னாலேயே தலையைப் பின்னால் வளைத்து உதறிச் செத்தது. வாத்துக் கொள்ளை நோயாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்த்தேன். அது வந்தால் ஓரிரு நாளிலேயே மந்தையில் வேகமாகப் பரவும், ரத்தக் கழிச்சல் இருக்கும், செத்த ஆண் வாத்துகளில் குறி வெளியே தள்ளியிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை, பத்தாவது வாரத்தில் தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். செத்த வாத்தை அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளிறி, மஞ்சளோடி, தொட்டால் கொஞ்சம் இறுகலாக இருந்தது, ஆங்காங்கே ரத்தப் புள்ளிகள். ஈரலைப் பார்த்ததும் தீவனத்தைக் காட்டச் சொன்னேன்.

மக்காச்சோளமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் தாது உப்பும் கலந்து அவரே தீவனம் தயாரிக்கிறார், அதில் ஐந்தில் ஒரு பங்கு புண்ணாக்கு. விலை சல்லிசாக வந்ததென்று 60 கிலோ மூட்டையாக நாலு மூட்டை வாங்கி, சாளைக்குள் சிமென்ட் தரையில் சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தார். வாத்து ஒன்றுக்கு நாளுக்கு 150 கிராம் என்றால் 60 வாத்துக்கு 9 கிலோ, அதில் புண்ணாக்கு 1.8 கிலோ. நாலு மூட்டை 240 கிலோ, அதாவது நாலு மாதத்துக்கும் மேல் வரும். மழைக்காலம் முழுக்கத் தரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அது அங்கேயே கிடந்திருக்கிறது. அடி மூட்டைக்குள் கையை விட்டால் கட்டி கட்டியாக வந்தது, மக்கிய வாடை. மக்காச்சோளத்தில் உடைந்த மணிகளின் முளை முனையில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம்.

“ஏனுங்க டாக்டர், நாட்டுக்கோழியெல்லாம் இதையேதானுங்க திங்குது, அதுக்கு ஒண்ணுமே ஆகலையே?” என்று கேட்டார்.

இதற்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நம்ம பக்கம் எல்லோரும் கோழியை வைத்துத்தான் தீவனத்தை எடை போடுகிறோம். இந்தப் பூசணம் விடும் நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்ஸின். கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது, வாத்துக்குஞ்சு கொஞ்சம்கூடத் தாங்காது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகளும் அவற்றோடு வாத்துக்குஞ்சுகளும் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிடித்தார்கள். இந்த நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததே அப்படித்தான். அதற்கப்புறம் ஒரு தீவனத்தில் அது இருக்கிறதா என்று சோதிக்க வாத்துக்குஞ்சையே பயன்படுத்தினார்கள், அவ்வளவு சீக்கிரம் அதன் ஈரல் காட்டிக்கொடுத்துவிடும்.

வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும், வேகவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதெல்லாம் தப்பு. காய்ந்தால் பூசணம் வளர்வது நிற்கும், அது ஏற்கெனவே விட்ட நஞ்சு அப்படியே கிடக்கும், அடுப்புச் சூட்டுக்கும் போகாது. கண்ணுக்குப் பூசணம் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்றும் சொல்ல முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, மாதிரி எடுத்து அனுப்பினோம். மேலாக ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் பயனில்லை, எல்லா மூட்டையிலும் நடு, அடி, ஓரம் என்று எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும். முடிவு வந்தபோது புண்ணாக்கில்தான் நஞ்சு அதிகம், மக்காச்சோளத்தில் அதைவிடக் குறைவு.

ஆனால் மூட்டை மட்டும் காரணம் இல்லை. தீவனத் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் கொட்டகைக்குள் ஒரு முழம் இடைவெளியில் இருந்தன. வாத்துக்கு உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் இறங்காது, ஒரு வாய் தின்றால் ஓடிப்போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும், அலகில் ஒட்டிய தண்ணீரோடு திரும்பவும் தீவனத்துக்கு வரும். இப்படியே நாள் முழுக்க நடந்தால் தொட்டியின் மூலையில் ஈர மாவு அப்பி, மறுநாளே புளித்து, அதில் பூசணம் ஏறும். சிந்திய தண்ணீரில் கீழே போட்ட கடலை ஓடும் ஊறிப்போயிருந்தது, அதையும் வாத்து கிளறித் தின்னும்.

அதனால் தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகைக்கு வெளியே, தீவனத்திலிருந்து எட்டடி தள்ளி வைக்கச் சொன்னேன். தொட்டிக்கு அடியில் மணல் நிரப்பிய குழி, அதன் மேல் கம்பி வலை, சிந்துவதெல்லாம் கீழே இறங்கிவிடும். வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் அலகும் மூக்குத் துளையும் முழுக்க முங்கும்படி அஞ்சாறு அங்குல ஆழம் கட்டாயம், இல்லாவிட்டால் மூக்கு அடைத்துக் கண் வீங்கும். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைக்கவே கூடாது, இரவில் தண்ணீரை எடுத்தால் தீவனத்தையும் எடுத்துவிட வேண்டும். தீவனத்தைப் பிசைந்து போடுவதானால் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குப் பிசைந்து, தீர்ந்ததும் தொட்டியைச் சுரண்டிக் கழுவிக் காயவிட வேண்டும். கீழே கடலை ஓட்டுக்குப் பதிலாகக் காய்ந்த உமி.

இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. பழைய தீவனத்தை அன்றே நிறுத்தி, புதிய மக்காச்சோளமும் புண்ணாக்குக்குப் பதிலாகச் சோயாவும் போட்டு, ஈரல் டானிக்கும் வைட்டமினும் தண்ணீரில் கொடுத்தோம். நஞ்சை உறிஞ்சும் பொடி கடையில் கிடைக்கிறது, நல்ல தீவனத்தில் ஒரு பாதுகாப்புக்குக் கலக்கலாம், கெட்ட தீவனத்தை அது நல்லதாக்காது. நஞ்சு முட்டையிலும் ஈரலிலும் கொஞ்சம் தங்கும் என்பதால் ரெண்டு வாரம் முட்டை விற்க வேண்டாம், கறிக்கு ஆண் வாத்தும் கொடுக்க வேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டார், நஷ்டம்தான். மேலும் 3 வாத்து போனது. ஒரு மாதம் கழித்து முட்டை 31க்கு வந்தது, பழைய 40 அந்த மந்தையில் திரும்ப வரவில்லை.

இப்போது அவர் மாதத்துக்கு ஒரு மூட்டைதான் வாங்குகிறார். பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, வாங்கிய தேதியைச் சாக்கில் எழுதி வைக்கிறார். மக்காச்சோளத்தை வாங்கும்போது ரெண்டு மணியைக் கடித்துப் பார்க்கிறார், கடுக்கென்று உடையாமல் அமுங்கினால் வாங்குவதில்லை.

அன்று நான் கிளம்பும்போது மிச்சமிருந்த மூட்டைகளைக் காட்டி, “மாட்டுக்காவது வெச்சர்லாமுங்களா?” என்று கேட்டார். கூடாது, மாடு தின்றால் நஞ்சு பாலில் இறங்கும், அந்த வீட்டில் பால் குடிக்கிற பேத்தி இருந்தாள். சாணத்தோடு சேர்த்து எருக்குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினோம்.