வட்டாட்சியர் வேறு, பிரதேச செயலாளர் வேறு

யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிற என்னிடம் வருபவை பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழும் விவாகப் பதிவும்தான். சாதிச் சான்றிதழ் நம் கச்சேரிகளில் தருகிற பத்திரம் அல்ல. அண்மையில் ஒரு பிள்ளை அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினா. தாய் தஞ்சாவூர் மாவட்டத்தவர். பிள்ளை பட்டுக்கோட்டையில் படித்துவிட்டு, இப்போது குடும்பத்தோடு இங்கே இருக்கிறா.

முன்பு வேறொருவர் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியிருந்தது. "இதை வழங்கியது இந்தியாவா, இலங்கையா?" என்று கேட்டிருந்தார்கள். வாசித்துப் பார்த்தேன். கேள்வி நியாயமானது. தலைப்பில் 'காஸ்ட்', உள்ளே 'கம்யூனிட்டி'. 'வட்டம்' ஓரிடத்தில் 'சர்க்கிள்', இன்னோரிடத்தில் 'டிவிஷன்'. கையொப்பமிட்டவரோ 'டிவிஷனல் செக்ரட்டரி'!

தமிழ் ஒன்றுதான், நிர்வாகம் இரண்டு. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்குக் கீழே இருக்கும் வட்டம் ஆங்கிலத்தில் 'தாலுக்'. அதன் வட்டாட்சியர் 'தாசில்தார்'. வேலை ஓரளவு ஒத்திருக்கிறது என்பதற்காக அவரை நம்முடைய பிரதேச செயலாளர் ஆக்கினால், அந்த அலுவலகத்தைத் தேடுகிறவர் தவறான நாட்டில் தேடுவார். அங்கத்தைய கிராம நிர்வாக அலுவலரையும் நாம் பழக்கத்தில் 'கிராம சேவகர்' என்று எழுதிவிடக் கூடாது.

ஆகவே வேலையைத் தொடங்க முன்பே பத்திரத்தில் உள்ள பதவி, இடம், வகுப்புச் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழ்நாடு அரசு ஆளுகிற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் குறித்தேன். சாதிச் சான்றிதழுக்கு அங்கே 'கம்யூனிட்டி சர்டிபிகேட்' என்பதுதான் வழக்கு, முடிவுவரை அதுவே. பிற்படுத்தப்பட்ட வகுப்பு 'பேக்வர்ட் கிளாஸ்'. அது சட்டப் பிரிவின் பெயர் என்பதால், காதுக்கு இதமாக வேறு சொல் தேடினால் பொருள் போய்விடும். சமூகப் பெயரை மொழிபெயர்ப்பதில்லை. அரசுப் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலே வரவேண்டும். ஆளின் பெயருக்குக் கடவுச்சீட்டுத்தான் அளவுகோல்.

மிச்சமிருந்தது முத்திரை. லாமினேற் செய்த அட்டையில் பிளாஷ் வெளிச்சம் பட்டு ஒரு சொல் மறைந்திருந்தது. தெரிந்தது 'துணை வட்டாட்சியர்' மட்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு இதை வழங்குபவர் மண்டலத் துணை வட்டாட்சியர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாததை நான் எழுதிச் சத்தியம் செய்ய ஏலாது. தெளிவான படம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் 'வாசிக்க முடியவில்லை' என்றுதான் அடைப்புக்குள் போடவேண்டும்.

"பிள்ளை, பிளாஷை நிற்பாட்டிப்போட்டு ஜன்னலடியில வைச்சு எடுங்கோ. நாலு மூலையும் தெரிய ஒண்டு, முத்திரையைக் கிட்டவா ஒண்டு, பின்பக்கமும் ஒண்டு," என்றேன். பின்னேரம் மூன்று படங்களும் வந்தன. 'மண்டலத்' என்ற சொல் முத்திரையின் வளைவில் தெளிவாகவே இருந்தது. பின்பக்கத்தில், முதல் மொழிபெயர்ப்பில் அடியோடு விடுபட்டுப்போன இன்னொரு முத்திரையும் இருந்தது.